படத்தில் வந்த வெண்பாவும் பறிபோன புள்ளிகளும்

என் மகள் இந்த முறை சாதாரண தரச் சோதனை எழுதுகிறாள். அவளுடைய அப்பா கட்டாரில் வேலை. நான் கொக்குவிலில் இருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் சமையல், அதற்குப் பிறகு பிள்ளையின் படிப்பு. இப்போது ரியூசன் வகுப்புகளில் பாதிப் பாடம் வட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. ஒரு பாட்டைப் புத்தகத்தில் இருந்து படம் பிடித்துக் குழுவில் போடுவார்கள். கீழே மூன்று கேள்வி இருக்கும்: பாட்டின் பொருளை எழுதுக, வந்துள்ள அணியை விளக்குக, எதுகை மோனையை எடுத்துக் காட்டுக. நாளைக்கு விடை வேண்டும். அந்த நேரத்தில் கேட்க எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. உயர்தரத்தில் நான் தமிழ் படித்ததால் கொஞ்சம் யாப்பு ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான். ஒரே ஒரு பாட்டு எங்கள் இருவரையும் படுத்திய பாட்டை எழுதுகிறேன். அதே நிலையில் இருக்கிற அம்மாமாருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

அது புகழேந்திப் புலவரின் நளவெண்பாவில் அந்தி மாலையைப் பாடுகிற வெண்பா. படத்தில் அது எப்படி வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். போட்டோக்கொப்பி எடுத்த தாளை இரவில் குழல் விளக்கின் கீழே வைத்து, கையில் போனைப் பிடித்து எடுத்த படம். புத்தகத்தின் நடுமடிப்புப் பக்கம் கறுத்த நிழலாக விழுந்து சில அடிகளின் முதல் எழுத்தை விழுங்கி விட்டது. அச்சிட்ட பத்தி ஒடுக்கமானது. அதனால் ஓர் அடியை இரண்டாக முறித்துப் போட்டிருந்தார்கள். எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான்:

மல்லிகையே வெண்சங்கா
வண்டூத வான்கருப்பு
ல்லி கணைதெரிந்து
மெய்காப்ப - முல்லையெனும்
ன்மாலை தோளசைய
மெல்ல நடந்ததே
பன்மாலை
அந்திப் பொழுது

இதிலும் மெய்யெழுத்துகளின் குற்றுகள் பாதி இல்லை. ‘மெய்காப்ப’ என்பது ‘மெயகாபப’ என்றுதான் இருந்தது, ஊகித்து வாசித்தோம். மகள் மூன்றாம் வரியை ‘வில்லி’ என்று சொல்லிப் பார்த்துவிட்டு, “அம்மா, வில்லி எண்டு ஆரைச் சொல்லுறாங்கள்? நாடகத்திலை வாற வில்லியோ?” என்று கேட்டாள். நேரம் இரவு பத்தரையைத் தாண்டி இருந்தது. எனக்கு வந்த கோபம் பிள்ளையின் மேல் இல்லை. வாசிக்க முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டு விடையைக் கேட்கிறார்களே என்ற கோபம்.

அந்த நாட்களில் பட்டினத்தில் ஒருவர் இலக்கியப் பாடல்களுக்கான விடைத் தொகுப்பு விற்றுக்கொண்டிருந்தார். பலர் வாங்கினார்கள், நானும் 2500 ரூபா கொடுத்து வாங்கினேன். இந்தப் பாட்டுக்கும் அதில் விடை இருந்தது. ‘வான் கருப்பு’ என்றால் வானம் கறுத்தது என்று எழுதியிருந்தார். அணி உவமை அணி. எதுகைக்கு ‘மல்லிகையே – மெல்ல’ என்று காட்டியிருந்தார். பிள்ளை அதை அப்படியே பாடமாக்கினாள். அடுத்த தவணைச் சோதனையில் இதே பாட்டு வந்தது, பத்துக்கு மூன்று புள்ளி. மூன்று விடையிலும் பிழை. 2500 ரூபா எங்கள் வீட்டில் ஒரு கிழமை மரக்கறிக்கும் மீனுக்கும் போகிற காசு. காசு போனதைவிட, “நான் பாடமாக்கினதைத்தானே அம்மா எழுதினனான்” என்று அவள் சொன்னதுதான் என்னைச் சுட்டது. வருகிற சனிக்கிழமை பொதுசன நூலகத்துக்குப் போய் அச்சுப் புத்தகத்தைப் பார்த்து, இந்த ஒரு பாட்டையாவது அடியில் இருந்து சரியாகச் செய்து காட்டுவது என்று முடிவெடுத்தேன்.

ஆனால் சனிக்கிழமை வரும் முன்பே, அந்தப் பழுதான படத்தை வைத்தே முக்கால்வாசி கண்டுபிடிக்கலாம் என்று விளங்கியது. கேள்வித்தாள் பொருளை முதலில் கேட்கிறது, எதுகை மோனையைக் கடைசியில் கேட்கிறது. படத்தில் வந்த மரபுப் பாட்டுக்கு இந்த ஒழுங்கைத் தலைகீழாக்க வேண்டும். எழுத்தே நிச்சயம் இல்லாதபோது பொருளை எங்கே இருந்து தொடங்குவது? எதுகையும் மோனையும்தான் அடி எது, எழுத்து எது என்று காட்டித் தருகின்றன.

முதல் வேலை சீர்களை எண்ணுவது. நான்கடி வெண்பாவில் முதல் மூன்று அடிக்கும் நாலு நாலு சீர், கடைசி அடிக்கு மூன்று சீர், ஆகப் பதினைந்து. எழுத்துக் குறைந்து கிடந்தாலும் சொற்களை எண்ணலாம். எண்ணினோம், சரியாகப் பதினைந்து வந்தது. அப்படியானால் படத்தில் தெரிகிற எட்டு வரி எட்டு அடி இல்லை. நாலாவது, எட்டாவது, பன்னிரண்டாவது சீர் முடிகிற இடத்தில் கோடு போட்டுப் பிள்ளையை மறுபடி கொப்பியில் எழுதச் சொன்னேன்:

மல்லிகையே வெண்சங்கா வண்டூத வான்கருப்பு
(?)ல்லி கணைதெரிந்து மெய்காப்ப - முல்லையெனும்
(?)ன்மாலை தோளசைய மெல்ல நடந்ததே
பன்மாலை அந்திப் பொழுது

இப்படி எழுதியதும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. அடி எதுகை என்பது அடிகளின் முதற்சீர்களில் இரண்டாம் எழுத்து ஒத்து வருவது. முதல் எழுத்து குறிலுக்குக் குறிலாக, நெடிலுக்கு நெடிலாக அளவில் ஒத்திருக்கவும் வேண்டும். முதல் இரண்டு அடியிலும் இரண்டாம் எழுத்து ல். இரண்டாம் அடியின் கடைசியில் சிறு கோட்டுக்குப் பிறகு நிற்கிற ‘முல்லையெனும்’ தனிச்சொல், அதிலும் அதே ல். மூன்றாம், நான்காம் அடிகளில் இரண்டாம் எழுத்து ன். ஆக எதுகை இரண்டு தொகுதி. தனிச்சொல் முதல் இரண்டு அடியின் எதுகையோடு ஒத்து வருவதால் இது நேரிசை வெண்பா. விலைக்கு வாங்கிய விடையில் இருந்த ‘மெல்ல’ மூன்றாம் அடியின் நடுச்சீர். வரிகள் முறிந்த படத்தில் அது வரித் தொடக்கத்தில் நின்றது, அதனால்தான் விடை எழுதியவர் அதைப் பிடித்திருக்கிறார். வரி முறிந்த படத்தை அப்படியே நம்பினால் எதுகைக் கேள்விக்கு இந்தப் பிழைதான் வரும்.

அடுத்தது மோனை, அதாவது சீர்களின் முதல் எழுத்து ஒத்து வருவது. இங்கேதான் பிள்ளைகள் அதிகம் புள்ளியை விடுகிறார்கள். அதே எழுத்து வந்தால்தான் மோனை என்று நினைக்கிறார்கள். இன எழுத்து வந்தாலும் மோனைதான். மெய்யில் ம – வ ஒரு இனம், ச – த ஒரு இனம், ஞ – ந ஒரு இனம். உயிரில் அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம், இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டம், உ, ஊ, ஒ, ஓ ஒரு கூட்டம். மெய்யும் பொருந்த வேண்டும், அதன் மேல் ஏறிய உயிரும் பொருந்த வேண்டும். முதல் அடியைப் பாருங்கள்: ம, வெ, வ, வா. முதற்சீரின் ம-வுக்கு மூன்றாம் சீரின் வ-வும் நாலாம் சீரின் வா-வும் இனம். இரண்டாம் சீரின் வெ, எகரம் ஏறியதால் சேராது. ஒன்று, மூன்று, நாலு ஆகிய சீர்களில் வருவதால் இது மேற்கதுவாய் மோனை. அதே எழுத்தை மட்டும் தேடுகிற பிள்ளை இந்த அடியில் ‘வண்டூத – வான்கருப்பு’ என்று ஏதாவது எழுதிவிட்டு, முதற்சீரை விட்டுவிடும்.

இந்த இன விதியை வைத்துத்தான் நிழல் விழுங்கிய எழுத்துகளை மீட்டோம். நிழல் தொடாத முதலடியில் ஒன்றாம் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை இருக்கிறது, மற்ற அடிகளிலும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். இரண்டாம் அடியின் மூன்றாம் சீர் ‘மெய்காப்ப’. அப்படியானால் தொலைந்த முதல் எழுத்து ம அல்லது வ, அதன் மேல் இகரமோ எகரமோ ஏறியிருக்க வேண்டும். மில்லி, மெல்லி, வெல்லி, வில்லி என்று நாலையும் எழுதிப் பார்த்தோம். பக்கத்தில் ‘கணை’, அதாவது அம்பு நிற்கிறது. வில்லைத் தவிர வேறொன்றும் அங்கே இருக்க முடியாது. மூன்றாம் அடியிலும் இதே வேலைதான்: மூன்றாம் சீர் ‘மெல்ல’, தொலைந்தது ‘மென்மாலை’.

எனக்கு உண்மையில் மெய்சிலிர்த்தது நான்காம் அடியில். படத்தில் ‘பன்மாலை’ என்று தெளிவாகத்தான் தெரிந்தது. எழுத்து ஒன்றும் குறைந்த மாதிரி இல்லை, பல மாலைகள் என்று பொருளும் வருகிறது. எதுகையும் கெடவில்லை, தளையும் தட்டவில்லை. ஆனால் மூன்றாம் சீர் ‘பொழுது’. ப-வுக்கும் பொ-வுக்கும் மோனை இல்லை. மற்ற மூன்று அடியிலும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் மோனை வைத்த புலவர் கடைசி அடியில் மட்டும் விட்டிருப்பாரா? பு என்றால் உகரமும் ஒகரமும் ஒரு கூட்டம், மோனை விழுகிறது. படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தால் ப-வின் கீழே உகரக் கோடு மங்கலாக ஒரு நூல் போலத் தெரிந்தது. புன்மாலை. சனிக்கிழமை நூலகத்தில் அச்சிலும் அப்படியே இருந்தது. ‘முல்லையெனும்’ என்ற இடத்தில் ‘முல்லைமலர்’ என்று சொல்வதையும் நான் கேட்டிருக்கிறேன். சோதனைத்தாளில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே பிள்ளை எடுத்தாள வேண்டும்.

எழுத்து நிச்சயமான பிறகு பொருளுக்குப் போனோம். பழைய பாட்டில் முதற்சொல்லில் இருந்து பொருள் சொல்லிக்கொண்டு போனால் நடுவழியில் நின்றுவிடும். முடிக்கிற வினை எது என்று முதலில் பார்க்க வேண்டும். இங்கே ‘நடந்ததே’. “ஆர் நடந்தது எண்டு தேடு பிள்ளை” என்றேன். கடைசி அடியில் அவளே கண்டுபிடித்தாள்: அந்திப் பொழுது. எழுவாய் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. மீதிக்கு ஊத, காப்ப, அசைய என்று மூன்று எச்சம். மூன்றும் ‘நடந்தது’ என்ற ஒரே வினையில் போய் முடிகின்றன. வண்டு ஊத, ஒருவன் காவல் செய்ய, மாலை அசைய, பொழுது நடந்தது. எலும்புக்கூடு இதுதான். இதற்குப் பிறகு சொற்களைப் பிரித்து அதில் பூட்ட வேண்டும்.

‘சங்கா’ என்பது சங்காக. ‘வண்டூத’ வண்டு + ஊத. எல்லாரும் வழுக்கி விழுகிற இடம் ‘வான்கருப்பு வில்லி’. அடி அங்கே முடிந்து விடுவதால் ‘வான் கருப்பு’ என்று தனியாக வாசித்து, மாலை நேரம் என்பதால் வானம் கறுத்தது என்று நினைக்க மிகவும் வசதியாக இருக்கிறது. ஆனால் கருப்பு இங்கே கரும்பு. இரும்பு, இருப்புப்பாதையில் ‘இருப்பு’ ஆவது போலவும் கரும்பின் சாறு கருப்பஞ்சாறு ஆவது போலவும் கரும்பு வில், கருப்புவில் ஆகிறது. கருப்புவில்லி என்றால் கரும்பை வில்லாக உடைய மன்மதன். அகராதியில் அப்படியே இருக்கிறது. ‘வான்’ இங்கே சிறந்த என்ற பொருளில் வருகிறது. ‘தெரிந்து’ என்றால் அறிந்து இல்லை, தேர்ந்து எடுத்து. ‘மெய்காப்ப’ மெய்காவலாக நிற்க. ‘மென்மாலை’யில் மாலை பூமாலை, ‘புன்மாலை’யில் மாலை பொழுது. புன்மை இங்கே ஒளி மங்கிய சிறு பொழுதைக் காட்டுகிறது. ஆகப் பொருள்: மல்லிகைப் பூவையே வெண்சங்காகக் கொண்டு வண்டு ஊத, சிறந்த கரும்பு வில்லையுடைய மன்மதன் அம்புகளைத் தேர்ந்தெடுத்து மெய்காவல் செய்ய, முல்லையாகிய மெல்லிய மாலை தோளில் அசைய, மங்கிய மாலையாகிய அந்திப் பொழுது மெல்ல நடந்து வந்தது.

மகளுக்குப் படம் மனதில் விழவில்லை. நல்லூரில் சுவாமி வெளிவீதி வருகிற நேரத்தைச் சொன்னேன். முன்னுக்குச் சங்கு ஊதுவார்கள், பக்கத்தில் காவலுக்கு ஆட்கள், சுவாமியின் தோளில் மாலை அசைய அசைய மெல்ல மெல்ல வருவார். அவ்வளவு தான் சொன்னேன், “அப்ப அந்திதான் அம்மா உலா வருது” என்று அவளே சொன்னாள். அந்த ஒரு வசனத்தில் அணிக்கான விடை முழுவதும் இருக்கிறது.

இது ஏன் உவமை இல்லை? போல, அன்ன, நிகர்த்த என்று எந்த உவம உருபும் பாட்டில் இல்லை. மல்லிகை சங்கு போன்றது என்று புலவர் சொல்லவில்லை, மல்லிகையே சங்கு என்கிறார். முல்லை மாலை போன்றது என்று சொல்லவில்லை, முல்லையெனும் மாலை என்கிறார். ‘எனும்’, ‘என்னும்’, ‘ஆகிய’ என்ற சொற்களோ, ‘மல்லிகையே’ என்பது போல இரண்டையும் ஒன்றாக்கும் ஏகாரமோ வந்தால் உருவகத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இன்னொரு குழப்பம் தற்குறிப்பேற்ற அணி. பொழுது நடக்கிறது, வண்டு சங்கு ஊதுகிறது என்பதால் இயற்கைக்கு மனிதச் செயலை ஏற்றியிருக்கிறார்கள் என்று சில பிள்ளைகள் அப்படி எழுதுகிறார்கள். பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: இயல்பாக நடப்பதற்குப் புலவர் தன் கற்பனையில் ஒரு காரணம் சொல்கிறாரா? சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் போகிறபோது மதிற்கொடிகள் காற்றில் அசைகின்றன. ‘வாரல்’, அதாவது வராதீர்கள் என்று சொல்லி மறிப்பதற்காக அசைவது போல இருந்தது என்கிறார் இளங்கோ. காற்றில் அசைந்ததற்கு வேறு காரணம் ஏற்றப்படுகிறது. நம்முடைய வெண்பாவில் வண்டு ஏன் ஊதியது, பொழுது ஏன் வந்தது என்பதற்குக் காரணம் ஒன்றும் ஏற்றப்படவில்லை. பூ சங்காகிறது, பூ மாலையாகிறது, அவ்வளவே. ஆகவே உருவகம். உலா வருகிற அரசன் என்று அந்தியை வாய்விட்டுச் சொல்லாமல் நம் ஊகத்துக்கு விட்டிருப்பதால் ஏகதேச உருவகம் என்று சொல்ல இடம் உண்டு. அப்படி எழுதுகிற பிள்ளை எதை உருவகம் செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்று இரண்டையும் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் உருவக அணி என்று எழுதி நிற்பதே நல்லது.

விடை எழுதுகிற விதத்திலும் புள்ளி போகிறது. “இப்பாடலில் உருவக அணி வந்துள்ளது” என்று எழுதி நிறுத்தினால் அணியின் பெயருக்கு மட்டும்தான் புள்ளி. பிள்ளைக்கு நான் பழக்கியது இப்படி: அணியின் பெயர், அது என்ன என்று ஒரு வசனம், பிறகு பாட்டில் இருந்து சொல்லை எடுத்து எது எதுவாக ஆனது என்பது. “உவமானத்தையும் உவமேயத்தையும் வேறுபடுத்தாது ஒன்றாகக் கூறுவது உருவகம். இங்கே மல்லிகை சங்காகவும் முல்லை தோள்மாலையாகவும் உருவகிக்கப்பட்டுள்ளன.” எதுகைக்கும் இதே முறைதான். சொற்களை மட்டும் எழுதாமல் ஒத்துவந்த எழுத்தின் கீழே கோடிட வேண்டும், எந்த அடிகள் என்று சொல்ல வேண்டும். மோனையில் சீர் எண்ணையும் போட வேண்டும்.

படம் பிடிக்கிறவர்களுக்கும் சிலது சொல்ல இருக்கிறது. பாட்டுக்கு இடது விளிம்புதான் உயிர். மோனைக்கு முதலெழுத்தும் எதுகைக்கு இரண்டாம் எழுத்தும் அங்கேதான் இருக்கின்றன. நடுமடிப்பு நிழல் விழுகிற பக்கமும் பல நேரம் அதுதான். புத்தகத்தை விரித்து அழுத்திப் பிடிக்க ஒரு ஆள், படம் எடுக்க ஒரு ஆள் இருந்தால் நல்லது. பகல் வெளிச்சத்தில், யன்னல் பக்கத்தில் எடுத்தால் நிழல் விழாது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப் போகிறது, குற்றும் உகரக் கோடும் முதலில் அழிகின்றன. Document என்பதைத் தெரிவு செய்து அதன் வழியாக அனுப்பினால் எடுத்தபடியே வந்து சேருகிறது. பாட்டை மட்டும் வெட்டாமல் மேலும் கீழும் இரண்டு வரி சேர்த்து எடுத்தால், எந்த நூல், எந்தக் காண்டம் என்ற தலைப்பும் வந்துவிடும். தலைப்புத் தெரிந்தால் நூலகத்தில் தேடுகிற நேரம் மிச்சம். எங்களுடைய படத்தில் தலைப்பும் இருக்கவில்லை. ரியூசன் குழுவில் நான் இதைக் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. ஆனால் அடுத்த கிழமையில் இருந்து படங்கள் பகலில் எடுத்தவையாக வந்தன.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எழுத்தை மீட்க நான் சொன்ன வழி வெண்பா, விருத்தம் போன்ற யாப்புள்ள பாட்டுகளுக்குத்தான். விருத்தத்தில் சீர்க்கணக்கு வேறு, ஆனால் நான்கு அடியும் அளவொத்து எதுகையோடு வருவதால் அடியைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். ஆசிரியப்பாவில் அடிகளுக்கு எண்ணிக்கைக் கட்டு இல்லை, எதுகையும் தொடர்ந்து வருவதில்லை, ஓரளவுக்குத்தான் உதவும். புதுக்கவிதையைப் படம் பிடித்து அனுப்பினால் இந்த வழி ஒன்றும் செய்யாது. அங்கே வரியை எங்கே முறித்தார் என்பதே கவிஞருடைய தீர்மானம், மோனை இல்லை என்பதற்காக எழுத்துப் பிழை என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட படம் மங்கலாக வந்தால் ஊகிக்காமல் அனுப்பியவரிடமே திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும், இரவு பத்து மணியானாலும்.